ஆலும் வேலும், ஒரு முழ நூலும்

அப்பா எழுபது வயது வரை கருவேலங்குச்சியில்தான் பல் துலக்கினார். விருதுநகர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் கருவேல மரங்கள் நிறைய உண்டு. விடிந்ததும் காட்டுக்குப் போகிற வழியில் ஒரு குச்சியை ஒடிப்பார். முள்ளைச் சீவிவிட்டு, கடைவாயில் வைத்து மென்றுகொண்டே நடப்பார். கிணற்றடியில் போய் வாய் கொப்பளிக்கும்போது அரை மணி நேரம் ஓடியிருக்கும். கருவேலம் கைக்கு எட்டாத நாளில் வேம்பு. எழுபதிலும் ஒரு பல் விழவில்லை, கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்பார். ஆகவே எங்கள் வீட்டில் பிரஷ்ஷா குச்சியா என்ற பேச்சு வந்தாலே அப்பாவின் பல்தான் சாட்சி.

மதுரையில் எங்களோடு வந்து தங்கிய பிறகு அவருக்கு ஒரு தொந்தரவு தொடங்கியது. மேல்வரிசையில் இடது கடைவாயில், ஒரே இடத்தில், எதைச் சாப்பிட்டாலும் நார் சிக்கியது. தீக்குச்சியால் குத்தி எடுப்பார், அடுத்த வேளை மறுபடி சிக்கும். ஒரு நாள் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் ஒரு சிவப்புச் சாயத்தைப் பஞ்சில் தொட்டு அப்பாவின் பற்கள் முழுக்கத் தடவி, கொப்பளிக்கச் சொன்னார். பல்லின் மேல் அழுக்குப் படலம் இருக்கிற இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டிக்கொள்ளும், சுத்தமான இடத்தில் ஒட்டாது. ஆவலில் எனக்கும் தடவச் சொன்னேன். நான் சிறுவயதிலிருந்து பிரஷ், பேஸ்ட், காலையும் இரவும்.

கண்ணாடியில் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. அப்பாவின் முன்பற்களின் வெளிப்பக்கம் பளிச்சென்று வெள்ளை. என் கோரைப்பல் வளைவில் சிவப்புத் திட்டு இருந்தது, அவருக்கு அங்கேயும் இல்லை. “வெளிப்பக்கம் உங்களைவிட ஐயாதான் நல்லா தேய்ச்சிருக்காரு” என்றார் மருத்துவர். பிறகு சிறு கண்ணாடியை உள்ளே விட்டுக் காட்டினார். கீழ்வரிசை முன்பற்களின் உட்பக்கம், நாக்கு படுகிற பக்கம், அப்பாவுக்குச் சுண்ணாம்பு பூசினதுபோலக் காரை கட்டியிருந்தது. கடைவாய்ப் பற்களின் உட்பக்கம் முழுச் சிவப்பு. எனக்கு அந்த இடங்கள் பெரும்பாலும் சுத்தம். ஆனால் இரண்டு பற்கள் ஒட்டி நிற்கிற இடுக்குகளில் அப்பா, மகன் இருவருக்கும் ஒரே சிவப்பு. நார் சிக்கிய இடத்தில் அவருக்குச் சொத்தை. பல்லின் மேற்பரப்பில் இல்லை, பக்கத்துப் பல்லைப் பார்க்கிற சுவரில்.

அன்றுதான் நாங்கள் இத்தனை நாள் தவறான இரண்டு பேரை மோதவிட்டுக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. ஒரு பல்லுக்கு ஐந்து பக்கம். வெளிப்பக்கம், உட்பக்கம், மெல்லுகிற மேல்பக்கம், அப்புறம் இரு பக்கத்துப் பற்களையும் தொடுகிற இரண்டு சுவர்கள். குச்சியும் பிரஷ்ஷும் போட்டி போடுவது முதல் மூன்று பக்கங்களுக்கு. மற்ற இரண்டில் இருவராலும் நுழைய முடியாது. அங்கே போகக்கூடியது நூல் மட்டும்தான், அல்லது இடுக்கு அகன்றிருந்தால் அதற்கென்றே இருக்கிற சின்னஞ்சிறு இடுக்கு பிரஷ். ஆகவே குச்சியா பிரஷ்ஷா என்பது ஒரு கேள்வி, நூல் வேண்டுமா என்பது வேறொரு கேள்வி. பேஸ்ட் மூன்றாவது கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் குச்சி. “ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி” என்பதில் வேல் என்பது கருவேலம். பலர் அதை வேம்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். பழமொழியில் வேம்பு இல்லாவிட்டாலும் பழக்கத்தில் இரண்டும் உண்டு. ஆலும் வேலும் துவர்ப்பு, வேம்பு கசப்பு. கருவேலம்பட்டையில் இருக்கிற துவர்ப்புச் சத்து டானின். தோல் பதனிட இந்தப் பட்டையைப் பயன்படுத்தினார்கள் என்றால் அதன் வலு தெரியும். வாயில் பட்டதும் ஈறு இறுகுவதுபோல இருக்கிறதே, அது இந்தத் துவர்ப்பின் வேலை. வேம்பின் சாறு சொத்தையை உண்டாக்கும் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதாக ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். வேப்பஞ்சாறு சேர்ந்த வாய்க்கொப்பளிப்பு ஈறு வீக்கத்தைக் குறைத்ததாகச் சிறிய சோதனைகளும் உண்டு. ஆனால் அவை சில வாரங்கள் மட்டும் நடந்தவை, பல வருடக் கணக்கில் சொத்தை குறைந்ததா என்பதற்கு அவை பதில் ஆகாது. குச்சியைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி அரபு நாடுகளின் மிஸ்வாக், அதாவது நம் ஊர் உகாய் மரத்தின் குச்சியைப் பற்றியது. அந்தப் பெருமையை அப்படியே வேம்புக்கும் கருவேலத்துக்கும் தூக்கிக் கொடுப்பது சரியில்லை. உலக சுகாதார நிறுவனமும் 1980களில் குச்சிப் பழக்கம் இருக்கிற ஊர்களில் அதை ஊக்குவிக்கலாம் என்று சொல்லி, 2000இல் இன்னும் ஆய்வு வேண்டும் என்றது.

என் எண்ணத்தில் குச்சியின் பெரிய பலம் சாறு இல்லை, நேரம். அப்பா அரை மணி நேரம் மென்றார். நான் பிரஷ் பிடித்த நேரத்தை ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மென்றுகொண்டே இருந்தால் எச்சில் ஊறுகிறது, எச்சில் புளிப்பைத் தணிக்கிறது. படலம் என்பது கிருமிகள் பசைபோல ஒட்டி வளர்கிற மெல்லிய அடுக்கு. அதை நகர்த்த உரசல்தான் வேண்டும், கொப்பளித்தால் போகாது. அப்பாவின் முன்பற்கள் வெளுத்திருந்ததற்கு இந்த நீண்ட உரசலே காரணம் என்று நினைக்கிறேன்.

பலவீனம் அதன் வடிவத்தில் இருக்கிறது. பிரஷ்ஷில் இழைகள் கைப்பிடிக்குக் குறுக்கே நிற்கின்றன. குச்சியில் நார் கைப்பிடியின் நீட்டத்திலேயே, ஓவியத் தூரிகை மாதிரி, முன்னோக்கி நிற்கிறது. வெளிப்பக்கத்துக்கு இது பரவாயில்லை. கடைவாயின் உட்பக்கத்துக்கு நாரைத் திருப்ப வேண்டுமென்றால் குச்சியையே வாய்க்குள் குறுக்கே வளைக்க வேண்டும், அது முடியாது. கீழ் முன்பற்களின் உட்பக்கம் இன்னும் மோசம். நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து, அகற்றாமல் விட்ட படலத்தில் ஏறிக் காரையாக இறுகுகிறது. சில நாட்களிலேயே இறுக ஆரம்பித்துவிடும். இறுகிய பிறகு குச்சியோ பிரஷ்ஷோ எடுக்காது, மருத்துவரின் கருவிதான் வேண்டும். அப்பாவுக்கு ஆனது இதுதான்.

குச்சியைச் சரியாகப் பயன்படுத்தினால் இந்தக் குறையைக் கொஞ்சம் குறைக்கலாம். சுண்டுவிரல் கனத்தில், ஒரு சாண் நீளத்தில், அன்றைக்கு ஒடித்த பச்சைக் குச்சி வேண்டும். காய்ந்தது நாராகாமல் சில்லுச் சில்லாக உடைந்து ஈறைக் குத்தும். முனையில் ஒரு விரற்கடை அளவுக்குப் பட்டையை உரித்து, கடைவாயில் மெதுவாக மென்று நாராக்குங்கள். நார் மெத்தென்று விரிந்த பிறகுதான் பல்லில் வைக்க வேண்டும். ஈறிலிருந்து பல்லின் நுனி நோக்கி, மேல்பல்லுக்குக் கீழாக, கீழ்ப்பல்லுக்கு மேலாகத் தேய்க்க வேண்டும். குறுக்கே ரம்பம் இழுப்பதுபோல இழுத்தால் ஈறு ஏறிப்போய், பல்லின் கழுத்தில் கோடரி வெட்டு மாதிரி பள்ளம் விழும். இந்தப் பள்ளம் கடினமான பிரஷ்ஷால் வருவதும் சகஜம், எனக்கு ஒரு பல்லில் இருக்கிறது. உட்பக்கத்துக்கு நாரின் பக்கவாட்டைப் பயன்படுத்தி ஒவ்வொரு பல்லாகப் போக வேண்டும். முடித்ததும் நுனியை வெட்டி எறிய வேண்டும். சாற்றை விழுங்காமல் துப்புவது நல்லது. கடைசியில் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நாக்கு வழிப்பார்கள், அது நல்ல பழக்கம்.

மரத்தை அடையாளம் காண்பதிலும் கவனம் வேண்டும். தெருவோரம், தரிசு எங்கும் படர்ந்திருப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம். அது வேறு மரம், பல் துலக்கும் வழக்கத்தில் அது இல்லை. நாட்டுக் கருவேலத்தின் பூ உருண்டையாக, மஞ்சள் பஞ்சுப் பொட்டு மாதிரி இருக்கும். காய் ஒவ்வொரு விதைக்கும் நடுவில் இடுங்கி மணிமாலை கோத்தது போலத் தொங்கும். சீமைக்கருவேலத்தின் பூ உருண்டையாக இருக்காது, விரல்போல நீளமான கொத்து. சாலைத் தூசியும் பூச்சிமருந்தும் படிகிற மரத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி பிரஷ். அதன் பலம், குச்சி எட்டாத உட்பக்கத்துக்கும் கடைவாய்க்கும் எளிதில் போய்விடுகிறது என்பது. மென்மையான இழை, ஈறும் பல்லும் சேர்கிற கோட்டில் சாய்த்து வைத்து, சின்ன அசைவாக, இரண்டு நிமிடம். இழை விரிந்துபோனால் மாற்ற வேண்டும், சுமார் மூன்று மாதம் வரும். அதன் பலவீனம் நாம்தான், அவசரம். வலது கைக்காரர்கள் வலது பக்கக் கோரைப்பல் வளைவை விட்டுவிடுவது மிகவும் சகஜம், என்னுடைய சிவப்புத் திட்டும் அங்கேதான் இருந்தது.

மூன்று பக்கங்களுக்கான போட்டியில் மட்டும் பார்த்தால், பழகின கையில் நல்ல பச்சைக் குச்சி, அவசரக்காரன் கையிலுள்ள பிரஷ்ஷுக்கு இளைத்தது இல்லை. இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் உட்பக்கத்தில் பிரஷ் முந்துகிறது. வித்தியாசம் இவ்வளவுதான் என்றால் நான் அப்பாவை மாறச் சொல்லியிருக்க மாட்டேன். உட்பக்கத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை காரை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் மூன்றாவது கேள்வி இருக்கிறதே. பிரஷ்ஷோடு சேர்ந்து வருகிற பேஸ்ட்டில் இருக்கும் ஃபுளோரைடு. இனிப்பு சாப்பிட்டால் படலத்திலுள்ள கிருமிகள் அதைப் புளிப்பாக்குகின்றன. அந்தப் புளிப்பில் பல்லின் எனாமலிலிருந்து தாதுச் சத்து கரைந்து வெளியேறுகிறது. எச்சில் அதைத் திருப்பி ஏற்றப் பார்க்கிறது. ஃபுளோரைடு இருந்தால் அந்தத் திருப்பி ஏற்றுகிற வேலை வேகமாகவும் வலுவாகவும் நடக்கிறது. சொத்தையைக் குறைக்கிறது என்று பல பத்தாண்டுச் சோதனைகளில் நிரூபணமானது இதுதான். வேம்பும் கருவேலமும் செய்யாத வேலை இது. குழாயின் மேல் 1000 பிபிஎம் அளவில் ஃபுளோரைடு என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிலோ பேஸ்ட்டில் ஒரு கிராம் என்று அர்த்தம். பெயரில் வேம்பு, கிராம்பு என்று போட்டிருக்கிற பேஸ்ட்டுகள் பலவற்றில் ஃபுளோரைடே இருப்பதில்லை. துப்பிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும், துப்பினால் போதும்.

அப்பாவின் இளவயதில் இது ஒரு குறையாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. அவர் வளர்ந்த வீட்டில் கம்பங்கூழும் சோளச்சோறும். சர்க்கரை, பண்டிகைக்கு. ஒரு நாளில் பல் எத்தனை தடவை புளிப்பில் நனைகிறது என்பதுதான் சொத்தையின் கணக்கு. ஒவ்வொரு தடவையும் அந்தப் புளிப்பு தணிய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். மதுரை வந்த பிறகு அவருக்குச் சர்க்கரை போட்ட காபி நாலு தடவை, நடுநடுவே பேரனோடு பிஸ்கட். வாய்க்குள் நிலைமை மாறிவிட்டது, குச்சி மாறவில்லை. “எங்க தாத்தா குச்சியில்தான் துலக்கினார், சொத்தையே இல்லை” என்று சொல்கிறவர்கள் தாத்தா சாப்பிட்டதையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நேரத்திலும் ஒரு வித்தியாசம். குச்சி காலைப் பழக்கம். இரவில் மரத்தில் கை வைக்காதே என்பது நம் வீடுகளில் சொல்லி வளர்த்தது, எனவே இரவில் யாரும் குச்சி ஒடிப்பதில்லை. ஆனால் பல்லுக்கு ஆபத்தான நேரம் தூக்கம். எச்சில் வெகுவாகக் குறைந்துவிடும், ஒட்டியிருப்பதைக் கழுவ ஆள் இல்லை. ஒரே ஒரு வேளைதான் என்றால் நான் இரவைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நூலுக்கு வருவோம். கடையில் ஃப்ளாஸ் என்று கேட்டால் கிடைக்கும். ஒரு முழம் வெட்டிக்கொள்ளுங்கள். அதிகப்படியை இரண்டு நடுவிரல்களிலும் சுற்றி, நடுவில் இரண்டு விரற்கடை மட்டும் விறைப்பாக வைத்து, இடுக்கில் முன்னும் பின்னுமாக ஆட்டி மெதுவாக இறக்க வேண்டும். சடக்கென்று அழுத்தினால் ஈறை அறுக்கும். இறங்கிய பிறகுதான் முக்கியமான பகுதி. நூலை ஒரு பல்லின் சுவரோடு பிறைபோல வளைத்து, ஈறுக்குச் சற்றே உள்ளே போகும் வரை மேலும் கீழும் சில தடவை தேய்க்க வேண்டும். அப்புறம் அதே இடுக்கில் மறு பல்லின் சுவர். பலர் உள்ளே விட்டு வெளியே இழுத்து “ஆச்சு” என்கிறார்கள். அது நார் எடுக்கும், படலத்தை எடுக்காது. அடுத்த இடுக்குக்கு நூலின் புதுப் பகுதி.

நூலின் பலனைப் பற்றிய சான்றும் நேர்மையாகச் சொன்னால் பிரமாதமில்லை. துலக்குவதோடு நூலும் சேர்த்தவர்களுக்கு ஈறு வீக்கம் சற்றுக் குறைகிறது என்கிற அளவுக்குத்தான், அதுவும் வலுக்குறைந்த ஆய்வுகளில். பெரும்பாலானோர் அதைச் சரியாகச் செய்வதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் படலத்தை அகற்றினால் ஈறு தேறும் என்ற அடிப்படையில் சந்தேகம் இல்லை. 1965இல் டென்மார்க்கில் ஹரால்டு லோவும் சகாக்களும் நல்ல ஈறுள்ள பன்னிரண்டு பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போலத் தேறியது. இடுக்கும் அதே ஈறுதான், அங்கே எட்டாத கருவியால் அந்தப் படலம் போகாது.

முதல் சில நாள் ரத்தம் வரும். எனக்கு வந்தது. பயந்து விட்டுவிடுகிறவர்கள் இங்கேதான் விடுகிறார்கள். ஈறு வீங்கியிருந்தது என்பதன் அடையாளம் அது, தினமும் செய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். நிற்காவிட்டால், அல்லது பல் ஆடினால், மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் காத்திருக்கவே வேண்டாம். இன்னொரு அறிகுறி, ஒரே இடத்தில் நூல் பிய்ந்து இழை இழையாக வந்தால் அங்கே சொத்தையின் விளிம்போ அடைப்பின் உடைந்த ஓரமோ இருக்கலாம். அப்பாவின் இடுக்கில் மருத்துவர் நூல் விட்டதும் அப்படித்தான் பிய்ந்தது.

யாருக்கு எது என்று கேட்டால் என் முடிவு இது. கையருகே நல்ல மரம் இருக்கிறது, மெல்ல நேரமும் திடமான பல்லும் இருக்கிறது என்றால் காலையில் குச்சி தாராளமாக இருக்கட்டும். இரவில் ஃபுளோரைடு பேஸ்ட்டோடு பிரஷ், அதற்கு முன்னால் நூல். மரம் இல்லாத நகரத்துக்காரர்கள் காய்ந்த கட்டுக் குச்சியை வாங்கி அலைய வேண்டியதில்லை, இரண்டு வேளை பிரஷ்ஷே போதும். பல் ஆடுகிறவர்கள், பல்லில் கிளிப் மாட்டியிருக்கிறவர்கள், பல்செட் போட்டவர்கள் குச்சியை மென்று நாராக்க வேண்டாம். குழந்தைகளுக்குப் பேஸ்ட்டுதான், மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் குழந்தை பேஸ்ட்டை விழுங்காமல் துப்புகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அங்கே எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

அப்பாவுக்கு நூல் பிடிபடவில்லை. விரல் நடுக்கம், கடைவாய் வரை கை போகவில்லை. ஈறு ஏறிய வயதில் இடுக்குகளும் அகன்றுவிட்டதால் மருத்துவர் இடுக்கு பிரஷ்ஷைக் கொடுத்தார். ஊசி கனத்தில் கம்பி, சுற்றிலும் மயிர், நேராக உள்ளே விட்டு எடுத்தால் ஆயிற்று. சொத்தையை அடைத்து, காரையை எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி சாயம் தடவினபோது இடுக்குகள் பெரும்பாலும் வெள்ளையாக இருந்தன. கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் மட்டும் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. காலையில் இன்னமும் தெருமுனை வேம்பில் குச்சி ஒடித்துக்கொண்டுதான் வருகிறார், இரவு பிரஷ்ஷை மட்டும் நாக்கின் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்.